பத்தாம் வகுப்புக்குப் பின் எந்தக் குரூப்?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்து 431 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். தமிழ் 93, ஆங்கிலம் 83, கணிதம் 74, அறிவியல் 86, சமூக அறிவியல் 95. ஆடிட்டர் ஆக வேண்டும், அதனால் காமர்ஸ் எடுக்கிறேன் என்கிறாள். அவள் அப்பாவோ, ‘ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தால் எல்லாக் கதவும் திறந்திருக்கும், பிறகு எதற்கு வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம்’ என்கிறார். வேறு பள்ளிக்கு மாற்றலாமா என்றும் யோசிக்கிறோம். எதைச் செய்வது?

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தொழிற்கல்விக் குரூப்பினர் நீங்கலாக, பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் படிக்காதவர் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க முடியாது. இயற்பியல், வேதியியலோடு உயிரியலையும் படிக்காதவர் நீட் தேர்வு எழுதி மருத்துவத்துக்குப் போகவோ, பி.எஸ்சி. நர்சிங்கில் சேரவோ முடியாது. ஆனால் அறிவியல் படித்தவர் பி.ஏ. வரலாறு, ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு, சி.ஏ. ஆகியவற்றுக்குப் போகத் தடையில்லை. அறிவியலிலிருந்து வெளியே வரலாம், வெளியே போனவர் திரும்ப நுழைவது கடினம் என்ற அளவில் அவர் சொல்வது சரி.

மீதிப் பாதியில்தான் பலரும் தவறுகிறார்கள். முதலாவதாக, ‘சயின்ஸ்’ என்பது ஒரே கதவு அன்று. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் சேர்ந்த முதல் குரூப்பில் மட்டுமே பொறியியலும் மருத்துவமும் ஒருசேரத் திறந்திருக்கும். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியலை எடுத்தால் மருத்துவம், நர்சிங், கால்நடை மருத்துவம் எல்லாம் அன்றே மூடிவிடும். கணிதத்துக்குப் பயந்து தாவரவியலும் விலங்கியலும் உள்ள குரூப்பை எடுத்தால் பொறியியல், கட்டடக்கலை, பி.எஸ்சி. கணிதம், பி.எஸ்சி. இயற்பியல் போன்றவை கைவிட்டுப் போகும். நீட்டில் நல்ல மதிப்பெண் வராத நிலையில், கணிதம் இல்லாத அந்தக் குரூப்பில் நிற்பவருக்கு எஞ்சும் வழிகள் பெற்றோர் நினைப்பதைவிடக் குறைவு. அறிவியல் குரூப் என்று கேட்டு வாங்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டவர்களை நான் ஒவ்வோர் ஆண்டும் சந்திக்கிறேன்.

இரண்டாவது, கதவு திறந்திருப்பதும் அதன் வழியே போக முடிவதும் ஒன்றல்ல. பொறியியல் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது. அதில் கணிதம் மட்டுமே 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50. கணிதத்தில் ஒரு மதிப்பெண் குறைந்தால் கட்-ஆஃபில் முழுதாக ஒன்று குறையும், இயற்பியலில் ஒன்று குறைந்தால் அரைதான். உங்கள் மகள் முதல் குரூப்பில் சேர்ந்து, பிளஸ் டூவில் கணிதம் 62, இயற்பியல் 70, வேதியியல் 74, உயிரியல் 78 எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கட்-ஆஃப் 62, 35, 37 சேர்ந்து 134. இந்த மதிப்பெண்ணுக்கு ஏதோ ஒரு கல்லூரியில் இடம் கிடைக்கும், அவள் விரும்பும் கல்லூரியில் விரும்பும் பாடம் கிடைப்பதுதான் சிரமம். சரி, பி.காம்.முக்கே மாறிக்கொள்கிறேன் என்று அப்போது அவள் திரும்பினால், நான்கு பாடங்களில் 284 எடுத்தவளாக, தங்கள் நான்கு பாடங்களில் 350ஐத் தாண்டிய வணிகவியல் மாணவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். போதாததற்கு, பி.காம்.முக்கு வணிகவியலும் கணக்குப்பதிவியலும் படித்தவர்களையே முதலில் எடுக்கும் கல்லூரிகள் பல. ‘பிறகு மாறிக்கொள்ளலாம்’ என்பதற்கு இதுதான் விலை. முதல் குரூப்பை நன்றாகப் படிக்கக் கூடியவருக்கு அந்த விலை மிகக் குறைவு, திணறுபவருக்கு அதிகம்.

ஆகவே அவள் எந்தப் பக்கம் என்று முதலில் பார்க்க வேண்டும். மொத்த மதிப்பெண் இதற்கு உதவாது, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புக் கணிதத் தாளில் வடிவியல் வரைபடத்துக்கு ஒன்று, வரைபடத் தாளில் வரையும் கணக்குக்கு ஒன்று என இரண்டு எட்டு மதிப்பெண் வினாக்கள் உண்டு. பயிற்சியால் முழுதாக வாங்கிவிடக்கூடிய 16 மதிப்பெண் அவை. அவளும் வாங்கியிருந்தால், எஞ்சிய 84க்கு அவள் எடுத்தது 58. அறிவியலிலும் 25 மதிப்பெண் செய்முறைக்கு உரியது, அதைப் பெரும்பாலும் குறையாமல் போடுவார்கள். அப்படியானால் எழுத்துத் தேர்வில் 75க்கு 61. இவை மோசமான மதிப்பெண்கள் அல்ல. ஆனால் பிளஸ் ஒன் கணிதம் கணங்கள், தொடர்புகள், சார்புகள் என்று தொடங்கி, இயற்கணிதத்தையும் முக்கோணவியலையும் உடனே கையில் எடுக்கிறது. வரைபடம் வரைந்த திறமை அங்கே அவளுக்குக் கைகொடுக்காது. அவள் 84இல் இழந்த 26 மதிப்பெண் எங்கே போனது என்பதே கேள்வி. இயற்கணிதமும் முக்கோணவியலும் நன்றாக வந்து, நேரம் போதாமலோ கவனக்குறைவாலோ இழந்திருந்தால் கவலை இல்லை. அந்த இரண்டு இயல்களையே விட்டுவிட்டு மற்றவற்றைப் படித்து எடுத்த மதிப்பெண் என்றால், முதல் குரூப் அவளைத் தொடக்கத்திலிருந்தே வாட்டும்.

இதைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தின் முதல் தொகுதியை யாரிடமாவது இரவல் வாங்கி, முக்கோணவியல் இயலின் முதல் சில பக்கங்களை ஒரு வார விடுமுறையில் அவளே படித்துப் பயிற்சிக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கட்டும். எல்லாம் விடையோடு வர வேண்டியதில்லை. எடுத்துக்காட்டைப் படித்தால் புரிகிறதா, அடுத்த கணக்கைத் தொட மனம் வருகிறதா என்று பாருங்கள். அதே வாரத்தில் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் பற்று, வரவு விதிகளைச் சொல்லும் பகுதியையும் அப்படியே முயலட்டும். ஆடிட்டர் ஆக வேண்டும் என்று சொல்கிற பிள்ளைகளில் அந்தப் புத்தகத்தைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் அதிகம்.

இரண்டிலும் கணக்குப்பதிவியலே அவளுக்குப் பிடித்துப்போனால், காமர்ஸ் எடுக்கச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அங்கேயும் நான்காவது பாடத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் மூன்றோடு சில பள்ளிகளில் வரலாறும், சிலவற்றில் கணினிப் பயன்பாடுகளும், சிலவற்றில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் இருக்கும். உங்கள் மகளுக்கு உரியது கடைசியாகச் சொன்னதுதான். சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வின் நான்கு தாள்களில் ஒன்று கணிதம், புள்ளியியல், தர்க்கத் திறன் ஆகியவற்றைச் சோதிக்கும் தாள். ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40, மொத்தத்தில் 50 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி. அந்தத் தாள் முழுவதும் கொள்குறி வினாக்கள், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிக்கப்படும். வரலாறு உள்ள குரூப்பில் படித்துவிட்டு வந்தவர்கள் கணக்கியல் தாளில் நன்றாக எழுதியும் இந்த ஒரு தாளில் 40ஐத் தொடாமல் திரும்பத் திரும்ப எழுதுவது வழக்கம். வணிகக் கணிதம் படித்திருந்தால் பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் ஆகியவற்றுக்கும் பல கல்லூரிகளில் விண்ணப்பிக்க முடியும். சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். படிப்புக்கு எந்தக் குரூப்பில் படித்தவரும் தகுதித் தேர்வு எழுதலாம் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

காமர்ஸில் மூடிப்போவது எது என்பதையும் மறைக்கக் கூடாது. மருத்துவம் சார்ந்த எல்லாப் படிப்புகளும், நேரடிப் பொறியியலும், வேளாண்மையும், அடிப்படை அறிவியல் பட்டங்களும் போய்விடும். வணிகக் கணிதம் படித்தாலும் இயற்பியல், வேதியியல் இல்லாததால் பொறியியல் கிடைக்காது. சுற்றுவழி ஒன்றுண்டு: பாலிடெக்னிக்கில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்பதால், பின்னாளில் மனம் மாறினாலும் மூன்றாண்டு டிப்ளமோ முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். பிளஸ் டூ படித்த இரண்டு ஆண்டுகள் அதில் கணக்கில் வராமல் போகும்.

கலைப் பிரிவு குறித்து நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சமூக அறிவியலில் 95 எடுத்த பெண்ணின் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை என்பது எனக்குச் சற்று வியப்பாக இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுச் சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நடக்கிறது. குடிமைப் பணித் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். வழக்கறிஞர் ஆகும் எண்ணமோ, ஆட்சிப் பணி எண்ணமோ அவளுக்கு இருந்தால், வரலாறும் பொருளியலும் உள்ள குரூப் அவளைப் பின்தள்ளாது. சி.ஏ. அவள் உறுதியாக நினைப்பது என்றால் வணிகக் கணிதமே மேல்.

பள்ளி மாற்றுவதைப் பொறுத்தவரை, அவசரப்பட வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் உயர்கல்வி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் பெறுவதற்கும் அரசுப் பள்ளியில் படித்த அந்த ஆண்டுகளே அடிப்படை. கடைசி இரண்டு ஆண்டுகளுக்காகத் தனியார் சுயநிதிப் பள்ளிக்கு மாற்றினால், கட்டணம் கட்டுவதோடு இந்த உரிமைகளையும் இழப்பீர்கள். சட்டமோ பொறியியலோ பின்னர் அவள் மனத்தில் வந்தால் இந்த இழப்பு பெரிதாகத் தெரியும். அவளுடைய பள்ளியில் வணிகக் கணிதம் உள்ள குரூப் இல்லையென்றால், பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இருக்கிறதா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். அரசுப் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறுவதால் எந்த உரிமையும் போகாது.

சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடும் முன் குரூப்பின் பெயரையோ எண்ணையோ மட்டும் பார்க்காமல், நான்கு பாடங்களின் பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இடம் இல்லை என்று சொல்லி வேறு குரூப்பில் சேர்த்துக்கொண்டு, ‘பிறகு மாற்றித் தருகிறோம்’ என்று வாய்மொழியாகச் சொல்வதை நம்பி வர வேண்டாம். மாற்றம் வேண்டுமென்றால் வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் எழுத்தில் கேளுங்கள். அதற்குப் பின் விட்டுப்போன பாடங்களைப் பிடிப்பது அவளுக்கும் கடினம், இடம் ஒதுக்குவது பள்ளிக்கும் கடினம்.