தாத்தாவுக்கு நிலக்கடலை, பேரனுக்கு அலர்ஜி: கேள்வி பதில்

அப்பாவுக்கு 64 வயது. இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள். வால்நட், பாதாம், நிலக்கடலை, மூன்றில் எது இதயத்துக்கு நல்லது? எவ்வளவு?

மூன்றும் சேர்த்து ஒரு நாளைக்கு 30 கிராம் போதும். பாதாம் மட்டும் என்றால் 23 பருப்பு வரை வரும். வால்நட் என்றால் ஏழு முழுக்காய், அதாவது 14 பாதிகள். நிலக்கடலை ஒரு சிறு கைப்பிடி.

ஸ்பெயினில் இதய நோய் அபாயம் அதிகமுள்ள 7,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதில் ஒரு பிரிவினருக்கு மத்தியதரைக்கடல் உணவோடு தினமும் 15 கிராம் வால்நட், மீதி 15 கிராமில் பாதாமும் ஹேசல்நட்டும் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது அந்தப் பிரிவில் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. தெளிவாகக் குறைந்தது பக்கவாதம்தான். 2013-இல் வந்த அந்த முடிவை, ஆட்களைப் பிரித்த முறையில் குறை இருந்ததால் 2018-இல் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். கணக்கு பெரிதாக மாறவில்லை.

வால்நட்டில் தாவர வகை ஒமேகா-3 நிறைய உண்டு, மற்ற இரண்டிலும் அது இல்லை என்றே சொல்லலாம். ஆனால் நிலக்கடலையை மட்டமாக நினைக்காதீர்கள். அதன் கொழுப்பிலும் பெரும்பகுதி நல்ல வகைதான், விலையோ வால்நட்டில் சிறு பங்கு.

நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்று: எதற்குப் பதிலாகச் சாப்பிடுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 30 கிராம் என்பது ஏறக்குறைய 180 கலோரி. சாயங்கால டீயோடு மிக்சரும் முறுக்கும் வழக்கம்போல நடந்து, அதற்கு மேல் இதுவும் சேர்ந்தால் எடைதான் ஏறும். மிக்சர் தட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உப்பில்லாத பருப்பை வையுங்கள்.

பாதாமை ஊறவைத்துத் தோல் உரித்தால்தானே சத்து?

தோலோடு சாப்பிடலாம். பல் இல்லாதவர்களுக்கு ஊறவைப்பது வசதி, அவ்வளவுதான்.

ஒரு நாளைக்கு எத்தனை பாதாம் சாப்பிடலாம்?

முதல் பதிலில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் மாமனாருக்கு இதய டாக்டர் பருப்பு சாப்பிடச் சொல்லியிருக்கிறார். என் மகனுக்கு 4 வயது, நிலக்கடலை அலர்ஜி. போன வருடம் கடலை மிட்டாய் ஒரு துண்டு தின்று உதடு வீங்கி, வாந்தி எடுத்து, மூச்சு இழுத்தது. பாதாம், வால்நட் ஒத்துக்கொள்கிறது என்று அலர்ஜி டாக்டர் சோதித்துச் சொல்லிவிட்டார். ஒரே சமையலறையை எப்படிச் சமாளிப்பது?

அம்மா, பாதி வேலையை உங்கள் டாக்டர் முடித்துவிட்டார். நிலக்கடலை பயறு வகை, பாதாமும் வால்நட்டும் மரக்கொட்டை. ஒன்று ஆகாதவருக்கு மற்றதும் ஆகாது என்று கட்டாயம் இல்லை. இரண்டும் ஆகாத பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதனால் சோதிக்காமல் கொடுக்கக் கூடாது.

உங்கள் வீட்டில் நிலக்கடலையை அடியோடு நிறுத்திவிடுங்கள். மாமனாருக்கு வால்நட்டும் பாதாமும் போதும், அவருக்கு இழப்பு எதுவும் இல்லை. கவனிக்க வேண்டியது வாங்கும் இடம். சில்லறைக் கடையில் பாதாமும் வறுத்த கடலையும் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் இருக்கும், இரண்டுக்கும் ஒரே கரண்டி. ஓட்டோடு இருக்கும் வால்நட்டை வாங்கி வீட்டில் உடைப்பதுதான் நான் சொல்லும் வழி. பாதாமைப் பொட்டலமாக வாங்கி, பின்பக்கம் நிலக்கடலை பற்றிய எச்சரிக்கை இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

இதுவரை கடலைச் சட்னி அரைத்த மிக்ஸி ஜாரின் ரப்பர் வளையத்தை மாற்றுங்கள். அதன் இடுக்கில் ஒட்டியது லேசில் போகாது. மாமனார் நடைப்பயிற்சி போன இடத்தில் கடலை வாங்கித் தின்றால், வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சானிடைசர் இந்தப் புரதத்தை நீக்காது. பல் துலக்கினாலும் எச்சிலில் கொஞ்சம் தங்கும். அடுத்த வேளை கடலை இல்லாத சாப்பாடு முடிந்து சில மணி நேரம் போகும்வரை பேரனுக்கு முத்தம் வேண்டாம்.

அப்புறம், செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் இருந்தால் அதையும் வெளியே அனுப்புங்கள்.

நான் செக்கு வைத்திருக்கிறேன். எண்ணெய் என்பது வெறும் கொழுப்பு, அலர்ஜி புரதத்தால் வருவது. நல்ல பொருளைப் பற்றி இப்படிப் பயமுறுத்தலாமா?

ஐயா, நீங்கள் சொல்வது சுத்திகரித்த எண்ணெய்க்குப் பொருந்தும். அதிகச் சூட்டிலும் ரசாயன முறையிலும் சுத்திகரிக்கும்போது புரதம் ஏறக்குறைய முழுக்கப் போய்விடுகிறது. செக்கில் அந்த வேலை நடப்பதில்லை. மணம் இருப்பதுபோலவே புரதமும் கொஞ்சம் இருக்கும்.

நாங்கள் இரண்டு நாள் வெயிலில் தெளியவைத்துத்தான் விற்கிறோம். கசடு எல்லாம் அடியில் இறங்கிவிடும்.

கண்ணுக்குத் தெரியும் கசடு இறங்கும். கலங்கலே தெரியாத அளவு மேலேயும் நிற்கும். மற்றவர்களுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை, உங்கள் எண்ணெயை நான் குறை சொல்லவில்லை. மூச்சு இழுத்த பிள்ளைக்கு அது ஆகாது என்கிறேன். ஒன்று கேட்கிறேன்: எள்ளும் அதே செக்கில்தானே ஆட்டுகிறீர்கள்?

ஆமாம், அதே செக்குதான். கழுவ முடியாது. முதல் ஈடு எண்ணெயைத் தனியாக எடுத்து வைத்துவிடுவோம்.

நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. அப்படியானால் நல்லெண்ணெயிலும் கடலை கலக்க வழி இருக்கிறது. முதல் ஈட்டை ஒதுக்கினால் குறையும், போய்விடும் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த அளவு எந்தப் பிள்ளைக்குப் படும், எதற்குப் படாது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும்.

வேகவைத்த கடலையில் அலர்ஜி குறைவு என்று படித்தேன். கொடுத்துப் பழக்கலாமா?

வறுத்ததைவிட வேகவைத்ததில் வீரியம் குறைவு, கொஞ்சம் புரதம் தண்ணீரில் இறங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் ஆபத்து இல்லாத அளவுக்கு அல்ல. பழக்கும் சிகிச்சை இருக்கிறது. அது மருத்துவர் பார்வையில், மில்லிகிராம் கணக்கில் நடப்பது. வீட்டில் வேண்டாம்.

என் பெண்ணுக்கும் கடலை ஆகாது. பஜ்ஜி சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்கிறது. அவளும் வால்நட்டைத் தவிர்க்க வேண்டுமா?

நீங்கள் சொல்வது கடலை மாவு, கடலைப்பருப்பில் அரைப்பது. நிலக்கடலை வேறு. வயிறு உப்புவது மட்டும் என்றால் அது அலர்ஜியாக இருக்க வாய்ப்புக் குறைவு.

இந்தக் குழப்பம்தான் ஹோட்டலில் ஆபத்து. "கடலை ஆகாது" என்றால் சர்வர் கொண்டைக்கடலையை நினைத்துக்கொண்டு, வேர்க்கடலை அரைத்த சட்னியை வைத்துவிடுவார். "வேர்க்கடலை, நிலக்கடலை, மல்லாட்டை" என்று மூன்று பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

வால்நட் எத்தனை? ராத்திரி சாப்பிடலாமா?

எண்ணிக்கை முதல் பதிலில். நேரம் முக்கியமில்லை.

கைக்குழந்தைக்கு நிலக்கடலையே கொடுக்காமல் இருந்தால் அலர்ஜி வராதுதானே?

நேர்மாறு. லண்டனில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், கடுமையான எக்சிமா என்ற தோல் அரிப்பு நோய் அல்லது முட்டை அலர்ஜி இருந்த குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள்ளேயே கொடுக்கத் தொடங்கியதில் நிலக்கடலை அலர்ஜி பெருமளவு குறைந்தது. அப்படிப்பட்ட குழந்தை என்றால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். கொடுப்பது கூழாகக் கரைத்து மட்டுமே. ஐந்து வயதுவரை முழுப்பருப்பு எதையும் கையில் தராதீர்கள், மூச்சுக்குழாயில் அடைக்கும்.

நான்கு வயது மகனின் அம்மாதான் மறுபடியும். தப்பித்தவறித் தின்றுவிட்டால் கொடுக்க அலர்ஜி சிரப் வைத்திருக்கிறேன். போதுமா?

போதாது அம்மா. சிரப் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், மூச்சுத் திணறலைத் தடுக்காது. போன வருடம் உங்கள் பையனுக்கு வந்ததற்கு மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். தானே செலுத்திக்கொள்ளும் பேனா ஊசி நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. அதனால் எடைக்கேற்ற அளவை டாக்டரிடம் எழுதி வாங்கி, மருந்தை எடுக்கவும் போடவும் அவர் முன்னாலேயே பழகிக்கொள்ளுங்கள், மாமனாரும் கூட. போட்டதும் படுக்க வையுங்கள். மூச்சு வாங்கினால் உட்கார வைக்கலாம், எழுந்து நடக்க விடாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தெளிந்துவிட்டான் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், சில மணி நேரம் கழித்து இரண்டாம் முறையும் வரலாம்.