டிபன் கடைச் சுவருக்கு 85,000 ரூபாய் கடன் வாங்கலாமா?

கேள்வி: வாடகைக் கடையில் டீயும் டிபனும் போடுகிறேன். கடை 10க்கு 12 அடி, 12 பேர் உட்காரலாம். ஒரு நாளைக்கு 110 பேர் வருகிறார்கள், தலைக்கு சராசரி 40 ரூபாய் பில். காலையில் கூட்டம் சரியாக இருக்கிறது, சாயங்காலம் பாதி பெஞ்ச் காலி. சுவர் பளீர் பச்சை, பழசாகிவிட்டது. சிவப்பும் ஆரஞ்சும் அடித்தால் பசி எடுக்கும், உட்காரத் தோன்றும் என்று ஒரு டெக்கரேட்டர் சொல்கிறார். ஃபால்ஸ் சீலிங், சுவர் ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து 85,000 கேட்கிறார். கையில் 20,000 இருக்கிறது. மீதிக்கு, முடிந்தால் மொத்தத்துக்குமே, இரண்டு வட்டிக்குத் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். ஏன் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடுவோம், அப்புறம் நிறத்துக்கு வருகிறேன்.

புதிதாக ஒருவர் உள்ளே வந்தால் உங்கள் வாடகை ஏறாது, மாஸ்டர் சம்பளமும் ஏறாது. ஏறுவது மாவு, பால், எண்ணெய், கேஸ் மட்டும்தான். 40 ரூபாய் பில்லில் அது 24 போகிறது என்று வைத்துக்கொள்கிறேன் (உங்கள் கணக்கை நீங்கள் போட்டுப் பாருங்கள்), மிச்சம் 16 ரூபாய். முழுத் தொகையையும் கடனாக வாங்கினால் இரண்டு வட்டி மாதம் 1,700. அசலை ஒரு வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 7,080 ஒதுக்க வேண்டும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்றாலும் முதல் மாதச் சுமை ஏறக்குறைய 8,800. மாதம் 26 நாள் கடை திறந்தால் நாளுக்கு 338 ரூபாய், அதாவது தினமும் 21 பேர் கூடுதலாக வர வேண்டும். கடனை அடைக்க மட்டும் 21 பேர், உங்கள் பைக்கு ஒரு ரூபாய் வராது. சுவர் நிறத்தை மட்டும் நம்பி 110ஐ 131 ஆக்குவேன் என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

சிவப்பு பசியைத் தூண்டும் என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வில் சிவப்புத் தட்டில் வைத்த நொறுக்குத்தீனியை நீலத் தட்டு, வெள்ளைத் தட்டில் வைத்ததைவிடக் குறைவாகத்தான் சாப்பிட்டார்கள். தட்டு வேறு, சுவர் வேறு என்பது சரிதான், ஆனால் சிவப்பு என்றாலே பசி என்கிற பேச்சு அவ்வளவு உறுதியானது இல்லை என்பதற்கு இது போதும். பெரிய துரித உணவுக் கடைகளின் சிவப்பு, மஞ்சள் போர்டு தூரத்திலிருந்தே கண்ணில் படும், அது உங்களுக்கும் உதவும், ஆனால் அது வாசலுக்கு வேண்டிய வேலை. 120 சதுர அடிக்குள் மூன்று பக்கமும் சிவப்பு அடித்து, பக்கத்தில் தோசைக்கல்லும் எரிந்தால், சுவர் நெருங்கி வந்த மாதிரி இருக்கும், சீக்கிரம் எழுந்து போகத்தான் தோன்றும். காலையில் பெஞ்சுக்கு ஆள் காத்திருக்கும்போது அது லாபம்கூட. உங்கள் பிரச்சினை சாயங்காலம் காலியாகக் கிடக்கும் பெஞ்ச், அந்த நேரத்தில் ஒருவர் கூடக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் உங்களுக்குச் செலவே இல்லை, இன்னொரு வடை சொல்ல வாய்ப்புதான் உண்டு.

காலையில் சரி, சாயங்காலம் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான் எனக்குச் சந்தேகம். காலையில் வாசல் வழியாகப் பகல் வெளிச்சம் வருகிறது. சாயங்காலம் பச்சைச் சுவரும் டியூப்லைட்டும் மட்டும். ஒரு வேலை செய்யுங்கள்: இருட்டியதும் எவர்சில்வர் தட்டில் ஒரு இட்லியும் ஒரு வடையும் வைத்துச் சுவரோரப் பெஞ்சில் வைத்துப் பாருங்கள், மறுநாள் காலையில் அதே மாதிரி ஒரு தட்டை வாசலில் வைத்துப் பாருங்கள். பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் இட்லியில் லேசான பச்சை பூசியிருக்கும், வெள்ளைப் பொருளில்தான் அது முதலில் தெரியும். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் பொன்னிறமாக எடுத்த வடை சாம்பல் கலந்த பழுப்பாகவும், டீ சேறு கலந்தது போலவும் தெரியும். சாப்பிடுபவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ ஆறிப்போன பண்டம் மாதிரி இருக்கும்.

அதனால் முதல் செலவு பெயிண்ட் இல்லை, பல்பு. பெஞ்சுக்கு மேலேயும் வடைத் தட்டுக்கு மேலேயும் 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள எல்.இ.டி. போடுங்கள், பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும், வார்ம் ஒயிட் என்றும் எழுதியிருப்பார்கள். அதே பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் இருக்கும், பொருளின் சொந்த நிறத்தை விளக்கு எவ்வளவு ஒழுங்காகக் காட்டும் என்பது அது, 80க்குக் குறையாமல் வாங்குங்கள், 90 கிடைத்தால் வடைத் தட்டுக்கு மேலே அதைப் போடுங்கள். அடுப்பு, காய் நறுக்கும் இடத்தில் வெள்ளை விளக்கே இருக்கட்டும், அங்கே அழுக்கு தெரிய வேண்டும். இதற்குச் சில நூறு ரூபாய் போதும், கடை மாறினால் கழற்றி எடுத்துப் போகலாம்.

பல்பு மாற்றுவதற்கு முந்தைய இரண்டு வாரமும் பிந்தைய இரண்டு வாரமும் மாலை 5 முதல் 9 வரை எத்தனை பில் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். திங்களைத் திங்களோடு ஒப்பிடுங்கள், மழை நாளையும் திருவிழா நாளையும் விட்டுவிடுங்கள். அந்த நான்கு வாரமும் புதுப் பலகாரம் எதுவும் ஆரம்பிக்காதீர்கள், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

எண்ணிக்கை கொஞ்சமாவது ஏறினால் பெயிண்டுக்குப் போகலாம், கையிருப்பில் 14,000க்கு மேல் தொடாமல். மூன்று சுவர் சேர்ந்து 34 அடி நீளம், 10 அடி உயரம் என்றால் 340 சதுர அடிதான், மேலே 120. பெரிய வேலையே இல்லை. கீழிருந்து நாலடி வரை செங்கல் நிறமோ காப்பிக்கொட்டை நிறமோ எனாமலில் அடியுங்கள், முதுகு உரசுவதும் சாம்பார் தெறிப்பதும் அங்கேதான், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். டிஸ்டெம்பர் வேண்டாம், துடைத்தால் துணியோடு வரும். அதற்கு மேலே க்ரீம், எலுமிச்சை மஞ்சள் இல்லை, ஏனென்றால் வார்ம் பல்பில் அது கடுகு நிறமாகிப் பழைய சுவர் மாதிரியே இருக்கும். கூரை வெள்ளை. ரோட்டிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும் கல்லாவுக்குப் பின்சுவரில் மட்டும் ஆசைப்பட்ட ஆரஞ்சை அடித்துக்கொள்ளுங்கள்.

பெயிண்டர் அவசரப்படுத்தினாலும் பழைய சுவரின் எண்ணெய்ப் பிசுக்கைச் சோடா கரைத்த வெந்நீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிரைமர் அடிக்காமல் நிறம் அடிக்க விடாதீர்கள், சில மாதத்தில் கொப்பளித்து உரியும், புகைக்கறையும் மஞ்சளாக மேலே எட்டிப்பார்க்கும். உணவுப் பாதுகாப்பு விதியிலும் சுவர் வழவழப்பாக, உரியாத பெயிண்டோடு இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. இரண்டு நாள் கடை மூட வேண்டியிருக்கும், அதில் போகும் 3,520 ரூபாயையும் (110 பேர், தலைக்கு 16, இரண்டு நாள்) அந்த 14,000க்குள்ளேயே எழுதிக்கொள்ளுங்கள். வார விடுமுறையோடு சேர்த்தால் பாதி மிச்சம். இப்படிச் செய்தால் நாளுக்கு மூன்று பேர் கூடினாலே ஒரு வருடத்தில் போட்டது திரும்பிவிடும்.

ஃபால்ஸ் சீலிங் கண்டிப்பாக வேண்டாம், ஆவியும் எண்ணெய்ப் புகையும் அங்கேதான் போய் ஒட்டும், காலி பண்ணும்போது அது உரிமையாளருக்குப் போய்விடும். சுவர் அவருடையது என்பதால் பெயிண்ட் செலவில் ஒரு பங்கை வாடகையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள், ஒத்துக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள்.

பல்பு மாற்றியும் இரண்டு வாரத்தில் சாயங்கால பில் அசையவே இல்லை என்றால் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் தெருவில் ஆள் நடமாட்டமே குறைவா, பக்கத்தில் யாராவது சூடாகப் பஜ்ஜி போடுகிறார்களா என்று ஒரு வாரம் வாசலில் நின்று பாருங்கள், அதற்கு ஏற்றபடி அந்த 14,000ஐ எதில் போடலாம் என்று மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.