எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடலாம்?

கேள்வி: "நூறு பக்கம் தாண்டியும் ஓட மாட்டேன் என்கிறது. மூடி வைத்தால் ஏதோ தப்பு செய்தது மாதிரி உறுத்துகிறது. ஒரு புத்தகத்தைப் பாதியில் விடலாம் என்று எப்படி முடிவு செய்வீர்கள்?"

எனக்கு வயது 58. அதனால் என் அளவு 42 பக்கம். சியாட்டில் நகரத்து நூலகர் நான்சி பெர்ல் சொன்ன கணக்கு இது. 50 வயது வரை உள்ளவர்கள் 50 பக்கம் படித்துப் பார்க்கலாம். அதைத் தாண்டியவர்கள் 100-லிருந்து வயதைக் கழித்து, வரும் பக்கம் வரை படித்தால் போதும். வயது கூடக் கூட படிக்கக் கிடைக்கும் காலம் குறைகிறது அல்லவா, அந்த நியாயம்தான். ஆனால் அந்தப் பக்கம் வந்ததும் சட்டென்று மூடிவிட மாட்டேன். எது ஓடவில்லை என்று அங்கே நின்று பார்ப்பேன்.

போன வருஷம் திருவாரூரில் ஒரு ருஷ்ய நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பு வாங்கினேன். அறுநூறு பக்கத்துக்கு மேல். மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணத்துக்கு வேலைக்குப் போகும் ரயிலில்தான் என் வாசிப்பு. 42-ஆம் பக்கத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்பது பிடிபட்டுவிட்டது. பெரிய நாவல்களில் தொடக்கச் சிரமம் பெரும்பாலும் இந்தப் பெயர்க் குழப்பம்தான்; அது தீர்ந்தால் வேகம் வரும். எனக்கு வரவில்லை.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். அறுவடை நேரம், வீட்டில் ஆள் நடமாட்டம், தூக்கம் குறைவு. அதே வாரத்தில் வேறொரு சிறுகதைத் தொகுப்பை எடுத்துப் பார்த்தேன். கும்பகோணம் வந்தது தெரியாமல் படித்தேன். ஆக, குறை என் அலுப்பில் இல்லை. அந்தத் தொகுப்பும் ஓடாமல் இருந்திருந்தால் நாவலை மூடியிருக்க மாட்டேன், அறுவடை முடியும்வரை எடுத்து வைத்திருப்பேன்.

அடுத்து மொழிபெயர்ப்பு. ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. "அவனால் அது உணரப்பட்டது" என்கிற மாதிரி நடை. இப்படி இருந்தால் நாவலாசிரியர் மேல் பழி போடக் கூடாது. நூலகத்தில் அதே நாவலுக்கு வேறொருவர் செய்த மொழிபெயர்ப்பு இருந்தது. அதில் முதல் இரண்டு அத்தியாயம் படித்தேன். வாக்கியங்கள் தண்ணீராக ஓடின. ஆனாலும் அந்தக் குடும்பத்துக்கு அடுத்து என்ன ஆகும் என்று எனக்கு ஒரு கேள்வியும் எழவில்லை. கடைசியாக நடுவில் ஓர் அத்தியாயம் திறந்து பத்துப் பக்கம் படித்தேன். தொடக்கம் மட்டும் மெதுவாக இருந்து நடுவில் சூடு பிடிக்கும் புத்தகங்கள் உண்டு. அப்படியானால் திரும்பி வந்து பொறுமையாகப் படிக்கலாம். இங்கே நடுவிலும் அதே நிலைதான். மூடிவிட்டேன்.

வாரப் பத்திரிகையில் தொடராக வந்த பழைய தமிழ் நாவல்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு சரியாக வராது. வாரம் ஒன்றாகப் படிக்க எழுதியவை அவை. ஒரே மூச்சில் படித்தால் திரும்பத் திரும்பச் சொல்வது போலத் தோன்றும். நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டு பாருங்கள்.

உறுத்தலுக்கு வருகிறேன். பாதி உறுத்தல் கொடுத்த காசிலிருந்து வருவது. ஆர்க்ஸ், புளூமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பருவம் முழுவதற்குமான நாடகச் சீட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் விற்றார்கள். முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள் அதிகமாக வந்தார்கள். பிற்பாதியில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. காசு தரும் உறுத்தல் தானாகத் தேயும் என்றுதான் இதைப் புரிந்துகொள்கிறேன். புத்தகத்தைப் படித்து முடித்தாலும் அந்தக் காசு திரும்பி வரப்போவதில்லை.

மறு பாதி நம் வளர்ப்பு. காலில் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும், சரஸ்வதி பூஜையன்று அடுக்கி வைத்துக் கும்பிடும் பொருளைப் பாதியில் விடுவது அவமரியாதை என்று எனக்கும் வெகுகாலம் தோன்றியது. அதைத் தீர்த்தது எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர்தான். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை 1931-இல் எழுதினார். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது நான்காவது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பிடிக்காத புத்தகத்தை என் அலமாரியில் பூட்டி வைப்பதுதான் அதற்குச் செய்யும் அவமரியாதை. அந்த நாவலைத் தெருக்கோடி வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் கொடுத்தேன். "இந்த மாதிரி நிதானமா எழுதறவங்கதான் எனக்குப் பிடிக்கும் தம்பி" என்று இப்போது இரண்டாம் முறை படித்துக்கொண்டிருக்கிறார்.

விட்ட புத்தகத்தில் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். எந்தப் பக்கம், ஏன் விட்டேன் என்று ஒரு வரி போதும். பரிசாகக் கொடுத்தவர் "படிச்சாச்சா?" என்று கேட்டால் அந்த வரியையே சொல்லலாம். இத்தனையாம் பக்கம் வரை வந்தேன், இன்ன இடத்தில் நின்றுவிட்டேன் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அவருக்கு அந்த இடம் எப்படி இருந்தது என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்.