சாம்பார், ரசம், மோர்: மூன்று சுற்றுச் சோற்றையும் கையால் அளப்பது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 44. ஐந்தாறு கிலோ குறைக்க வேண்டும். முட்டை சாப்பிடுவேன், கறி, மீன் கிடையாது. வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே சமையல் என்பதால் தராசு வைத்து நிறுத்துச் சாப்பிட முடியாது. பாதித் தட்டு காய் என்ற முறையைப் பத்து நாளாகச் செய்கிறேன், எடை இறங்கவே இல்லை. நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு இது ஒத்துவருமா?

பதில்: ஒத்துவரும். ஆனால் பத்து நாளை வைத்து முடிவு கட்ட வேண்டாம். உடலில் தங்கும் நீரே எடையை ஒரு கிலோ வரை மேலும் கீழும் ஆட்டும். மூன்று வாரம் கொடுத்துப் பாருங்கள். அதற்குள் மூன்று இடங்களைச் சரிபார்க்க வேண்டும்.

முதலில் தட்டு. பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு சோறு அல்லது சப்பாத்தி என்ற கணக்கு ஒன்பது அங்குலத் தட்டை வைத்துச் சொல்லப்பட்டது. அமெரிக்க நீரிழிவு சங்கம் சொல்லும் அளவும் அதுதான், ஏறக்குறைய 23 செ.மீ. நம் வீட்டு எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டுகளில் பல 30 செ.மீ. வரை இருக்கும். அதில் கால் பங்கு சோறு வைத்தால், சின்னத் தட்டின் கால் பங்கைவிட ஏறக்குறைய 70 சதவீதம் கூடுதலாக வந்துவிடும். டிபன் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காய் என்றால் கீரை, அவரை, முட்டைக்கோஸ், சுரைக்காய் போன்றவை. உருளை, சேனை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி எல்லாம் சோற்றுப் பக்கம் சேரும்.

இரண்டாவது இடம்தான் பெரும்பாலானவர்களுக்குத் தவறுகிறது. தட்டு முறை, ஒரே தடவை பரிமாறிச் சாப்பிட்டு எழுந்துவிடும் வழக்கத்தில் உருவானது. நாம் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை சோறு போட்டுக்கொள்கிறோம். முதல் சுற்றில் தட்டு இலக்கணப்படி இருக்கும். அடுத்த இரண்டு சுற்றுக்குக் காயும் இருக்காது, கணக்கும் இருக்காது. இங்கேதான் கை அளவு உதவும். உள்ளங்கையைக் கிண்ணம்போல் குழித்தால் அதில் கொள்ளும் சோறு ஒரு பங்கு. அது சுமார் 120 கலோரி. எடை குறைக்க விரும்பும் பெண்ணுக்கு வேளைக்கு ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு. மதியம் நமக்குப் பெரிய வேளை என்பதால் அதை இரண்டாக வைத்து, இரவில் ஒன்றாக நிறுத்துங்கள். அந்த இரண்டு பங்கையும் உட்காரும்போதே தட்டில் போட்டு, மூன்றாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சாம்பாருக்கு, ஒன்று ரசத்துக்கு, ஒன்று மோருக்கு. பானை அடுக்களையிலேயே இருக்கட்டும். மூன்றும் சாப்பிட்ட நிறைவு வரும், சோறு மட்டும் எல்லைக்குள் நிற்கும்.

தினமும் கையை விட்டு அளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் மட்டும் உங்கள் குழித்த கையளவு சோற்றை எடுத்து, வழக்கமான சோற்றுக் கரண்டியில் போட்டுப் பாருங்கள். முக்கால் கரண்டியா, ஒன்றா என்று தெரிந்துவிடும். அதன் பிறகு கரண்டியே போதும். உங்கள் கைதான் உங்களுக்கு அளவு. உடல்வாகு பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கையும் பெரிது, அதனால் அவர்கள் பங்கும் தானாகக் கூடும்.

மூன்றாவது, புரதம். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று அந்தக் கால் பங்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டால் மொத்தப் புரதமே 22 கிராம்தான். ஒருவருக்கு நாலரை கிராம்கூட வராது. வேளைக்குத் தேவையோ 20 கிராம் அளவில். கறி, மீன் சாப்பிடுபவர்களுக்கு விரல்களை விட்டுவிட்டு உள்ளங்கையின் அகலமும் கனமும் உள்ள ஒரு துண்டு இதைத் தந்துவிடும். உங்களுக்குச் சேர்த்துச் சேர்த்துத்தான் வர வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம், மேலே ஒரு கிண்ணம் கெட்டித் தயிரும் சாம்பார்ப் பருப்பும் சேர்ந்தால் இலக்கை ஒட்டி வந்துவிடலாம். முட்டை இல்லாத நாளில் மீல்மேக்கர் நல்லது. காய்ந்த நிலையில் 30 கிராம் இருந்தாலே 15 கிராம் புரதம், கொழுப்பும் மிகக் குறைவு. பன்னீரில் புரதமும் கொழுப்பும் கிட்டத்தட்டச் சமம், ஆகவே பன்னீர் வைத்த வேளையில் நெய்யும் தேங்காயும் வேண்டாம். கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு முஷ்டி அளவில் 14 கிராம் வரை புரதம் உண்டு, ஆனால் ஒரு பங்கு சோற்றைவிட அதிக மாவுச்சத்தும் அதில் இருக்கிறது. சுண்டல் வைத்தால் சோற்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள்.

இப்போது உங்கள் ஒரு நாளைப் பார்ப்போம். காலையில் சின்ன இட்லி இரண்டு ஒரு பங்குச் சோற்றுக்குச் சமம். அதோடு இரண்டு வேகவைத்த முட்டையும், காய் நிறையப் போட்ட சாம்பார் ஒரு கிண்ணமும். தேங்காய்ச் சட்னி கொழுப்புக் கணக்கு என்பதால் கட்டைவிரல் அளவு போதும், தக்காளிச் சட்னி இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாம். மதியம் முதலில் இரண்டு முஷ்டி அளவு பொரியலும் கீரையும், பிறகு மீல்மேக்கர் வறுவலும் தயிரும், மீதி இடத்தில் மூன்றாகப் பிரித்த சோறு. இந்த வரிசையில் பரிமாறினால் சோற்றுக்கு இடம் தானாகவே சுருங்கும். இரவு சப்பாத்தி ஒன்று, கெட்டியான பாசிப்பருப்புக் கூட்டு, வதக்கிய காய் ஒரு முஷ்டி. தோசை என்றால் ஒன்று, முட்டைத் தோசையாக இருந்தால் மேல். எலுமிச்சைச் சோறு, சாம்பார் சாதம் மாதிரிக் கலந்தவற்றில் பிரித்துப் பார்க்க முடியாது. முழுவதையும் சோறாகவே எண்ணி, காயையும் முட்டையையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கையால் அளக்கவே முடியாதது எண்ணெய். பொரியலில் கலந்த பிறகு அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. இதற்குத் தட்டைப் பார்க்காமல் மளிகைச் சீட்டைப் பாருங்கள். ஐந்து பேர் வீட்டில் மாதம் இரண்டரை லிட்டர் செலவானால், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல். நான்கு லிட்டர் போகிறது என்றால் எடை இறங்காததற்குக் காரணம் அங்கேயே இருக்கலாம். சாயங்கால முறுக்கையும் சர்க்கரை போட்ட காபியையும் இதே நேரத்தில் எண்ணிவிடுங்கள்.

மூன்று வாரம் முடிந்ததும் காலையில், கழிப்பறை சென்று வந்த பின், வெறும் வயிற்றோடு எடை பாருங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்பையும் டேப்பால் அளந்து கொள்ளுங்கள். இரண்டும் அசையவில்லை என்றால் நாளுக்கு ஒரே ஒரு பங்கு சோற்றை எடுத்துவிட்டு இன்னொரு மூன்று வாரம் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்றை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. நடுவில் பசித்தால் காயையும் புரதத்தையும் கூட்டுங்கள். அப்படியும் மதியத்துக்கு முன்பே களைப்போ தலைசுற்றலோ வந்தால் எடுத்த பங்கைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால், மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைக்காதீர்கள். மருந்தின் அளவு பழைய சோற்றுக்கு ஏற்ப வைத்தது, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மேலே சொன்ன புரதக் கணக்கைப் பின்பற்றக் கூடாது. அவர்களுக்கான அளவை அவர்களுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.