ஆடிட்டர் ஆபீசுக்கு அப்லோட் போர்ட்டல்: கேளுங்க, சொல்றனுங்க

திருப்பூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீசுக்கு க்ளையண்ட்டுங்க பில்லு, பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் ஏத்தற போர்ட்டல் நாந்தான் பண்ணிக் குடுத்தேன், இப்பவும் நாந்தான் பாத்துக்கறேன். பனியன் கம்பெனி, டையிங், ஜாப் ஒர்க் பண்றவங்கதான் பெரும்பாலும். தெரிஞ்ச வரைக்கும் சொல்றனுங்க.

ஈரோடு, ஆபீஸ் மேனேஜர்: ரிமைண்டர் கரெக்டா 11-ந்தேதிக்கு முன்னாடியே போகுதுங்க, ஆனாலும் கடைசி நாள்தான் ஏத்தறாங்க. என்ன பண்றது?

மெசேஜ்ல எந்தத் தேதி போடறீங்கன்னு பாருங்க. 11-ங்கறது ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் பண்ண நமக்கு இருக்கற கடைசி நாளு, க்ளையண்ட்டுக்கு அது தேதியே இல்ல. அவரு 10 ராத்திரி ஏத்துனாருன்னா அவரு கணக்குல ஒரு நாள் முன்னாடியே குடுத்துட்டாரு, நம்ம பொண்ணுங்கதான் ராத்திரி உக்காந்து என்ட்ரி போடோணும்.

நாங்க ஒவ்வொரு ரிட்டனுக்கும் ரெண்டு தேதி வெச்சிருக்கோம், ஒண்ணு சட்டத்தோட தேதி, இன்னொண்ணு ஆபீஸ் தேதி. சேல்ஸ் பில்லுக்கு ஆபீஸ் தேதி 5. க்ளையண்ட்டுக்குப் போற மெசேஜ்ல 5 மட்டுந்தான் இருக்கும், 11 உள்ள ஸ்டாஃபுக்கு மட்டுந்தான் தெரியும். மாசாமாசம் போடாம காலாண்டுக்கு ஒருக்கா போடறவங்களுக்குத் தேதி வேற, ஜிஎஸ்டிஆர்-1 13, நம்ம தமிழ்நாட்டுக்கு 3பி 22, அதனால க்ளையண்ட் எந்த வகைங்கறதையும் போர்ட்டல்ல வெச்சிருக்கோணும்.

இன்னொண்ணுங்க, ஃபைல் வந்த உடனே ரிமைண்டர நிறுத்தாதீங்க. எங்களுக்கு முதல் மாசமே அந்த அடி விழுந்துச்சு. ஒருத்தரு பேங்க் ஸ்டேட்மெண்ட் ஏத்துனாரு, சிஸ்டம் வந்தாச்சுன்னு பச்சை காட்டி மெசேஜ நிறுத்திருச்சு, 9-ந்தேதி தொறந்து பாத்தா பிடிஎஃப்ல பாஸ்வேர்டு. இப்ப மூணு நிலை வெச்சிருக்கோம்: கேட்டது, வந்தது, சரிபாத்தது. ஸ்டாஃப் தொறந்து பாத்து சரின்னு தட்டுனாத்தான் நிக்கும். சரியில்லைன்னா ‘பாஸ்வேர்டு இருக்கு’, ‘பக்கம் கொறையுது’, ‘வேற மாசத்துது’ இப்படி ஒரு காரணத்தத் தட்டோணும், அதே வார்த்தையோட க்ளையண்ட்டுக்கு மெசேஜ் போயிரும்.

கோயமுத்தூர், டெவலப்பர்: எஸ்3-ல என்கிரிப்ஷன் ஆன்ல இருக்கு, பக்கெட்டும் ப்ரைவேட், டவுன்லோடுக்கு சைன்டு லிங்க். செக்யூரிட்டி இதோட முடிஞ்சுதுதானே அண்ணா?

பாதி சரிங்க தம்பி. என்கிரிப்ஷன் 2023 ஜனவரில இருந்து எஸ்3-ல தானாவே ஆன்தான், அது டிஸ்க்க எவனாவது தூக்கிட்டுப் போனா காப்பாத்தும். அனுமதி இருக்கறவன் கேட்டா அதே எஸ்3 பிரிச்சுக் குடுத்துரும். சைன்டு லிங்க்கும் அப்படித்தான், லிங்க் யார் கையில இருக்கோ அவன்தான் சொந்தக்காரன். ஏழு நாள் வரைக்கும் ஆயுசு குடுக்கலாம், அத வாட்ஸப்ல அனுப்பி, அவரு மில் குரூப்புல போட்டாருன்னா முடிஞ்சுது. மெசேஜ்ல ஃபைல் லிங்க்கே வேண்டாம், லாகின் பக்கத்து லிங்க் மட்டும் போதும், சைன்டு லிங்க் உள்ள வந்தப்பறம் அஞ்சு பத்து நிமிசத்துக்கு மட்டும்.

ஏத்தறதுக்கு நாங்க போஸ்ட் முறைதான் வெச்சிருக்கோம், சைஸ் வரம்ப எஸ்3-யே பாத்துக்கும்:

```python
s3.generate_presigned_post(
    Bucket=BUCKET, Key=key,
    Conditions=[["content-length-range", 1, 20*1024*1024]],
    ExpiresIn=600)
```

அந்த `key` நம்ம சர்வர்லயே உருவாகோணும், ப்ரவுசர்ல இருந்து வரக்கூடாது, அதுல பான் நம்பரும் இருக்கக்கூடாது, ஏன்னா லாக் ஃபைல்ல எல்லாம் அது பதிஞ்சுரும்.

நெசமான ஓட்டை வேற எடத்துலதான் இருக்கும். ரெண்டு க்ளையண்ட் லாகின் எடுத்துக்கோங்க, ஒண்ணுல ஒரு ஃபைல தொறங்க, அட்ரஸ்ல `/docs/4107` இருந்தா 4108-ன்னு மாத்தி அடுத்தவரு ஃபைல் வருதான்னு பாருங்க. நான் முதல்ல எழுதுன கோடுல வந்துச்சுங்க, லாகின் பண்ணியிருக்காரான்னு மட்டும் பாத்தேன், இந்த ஃபைல் அவரோடதான்னு பாக்கல. ஒருத்தரு வேவாரம் அடுத்தவருக்குத் தெரியறது நம்மூர்ல சின்ன விசயமில்ல, ரெண்டு பேருமே ஒரே பையருக்கு ரேட்டு குடுக்கறவங்களா இருப்பாங்க.

கரூர், ஜவுளி ஏற்றுமதி: நானும் ரீஃபண்டுக்கு டாக்குமெண்ட் ஏத்துனா போர்ட்டல் எரர்னே வருது, எப்ப சரியாகும்?

நீங்க சொல்றது கவர்மெண்ட் ஜிஎஸ்டி போர்ட்டலுங்கண்ணா, நாம இங்க பேசறது ஆடிட்டர் ஆபீஸ் சொந்தமா வெச்சுக்கறது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உங்க ஆடிட்டருக்கு அனுப்பிருங்க, ரீஃபண்டுக்கும் காலக்கெடு இருக்கு.

ஈரோடு மேனேஜரே மறுபடியும்: ஒரு மாசம் யாருக்குமே ரிமைண்டர் போகல, எரரும் வரல. எப்படிங்க?

1-ந்தேதி அன்னிக்கு ஓடற வேலையான்னு பாருங்க. எங்களுக்கு அக்டோபர்ல இதேதான் ஆச்சு. ராத்திரி 12:05-க்கு புது மாசத்து லிஸ்ட் உருவாகோணும், சர்வர் டைம் யுடிசி. நமக்கு அக்டோபர் 1, சர்வருக்கு அப்ப செப்டம்பர் 30 சாயந்தரம் 6:35. ‘போன மாசம்’னு கோடு கணக்குப் போட்டா ஆகஸ்ட்டுன்னு வருது, ஆகஸ்ட் லிஸ்ட் ஏற்கனவே இருக்கு, எல்லாம் சரிபாத்தாச்சு, அதனால அது எதுவுமே பண்ணாம சமத்தா முடிஞ்சுருச்சு. காலைல 9 மணிக்கு மெசேஜ் அனுப்ப ஒண்ணுமில்ல. 4-ந்தேதி சாயந்தரம் ஏன் ஒரு பில்லும் வரலைன்னு ஆபீஸ்ல இருந்து போன் வந்தப்பதான் தெரிஞ்சுது.

தேதிக் கணக்கு மொத்தத்தையும் `Asia/Kolkata` வெச்சுப் போடுங்க. அதுக்கு மேல, தெனமும் காலைல ‘இன்னைக்கு இத்தன பேருக்கு மெசேஜ் போச்சு’ன்னு ஆபீசுக்கு ஒரு வரி வரட்டும். 1-ந்தேதி அதுல சைபர்னு இருந்தா அந்த நிமிசமே தெரிஞ்சுரும்.

பல்லடம், மில் ஓனர்: எங்க கணக்குப்புள்ள வேலைய விட்டுப் போயிட்டாரு, பாஸ்வேர்டு அவருகிட்டதான் இருக்கு. எனக்கு மூணு கம்பெனி வேற.

உங்க ஆடிட்டர் ஆபீசுக்கு இன்னைக்கே சொல்லி அந்த லாகின நிறுத்தச் சொல்லுங்கண்ணா. போர்ட்டல் பண்றவங்களுக்கும் இது முக்கியம், ஓனருக்கு ஒரு லாகின், கணக்குப் பாக்கறவருக்குத் தனி லாகின். கணக்குப் பாக்கறவரு ஏத்தலாம், தான் ஏத்துனதப் பாக்கலாம், பழைய ரிட்டனு, ஓனரோட ஆதாரு எல்லாம் கண்ல படக்கூடாது. ஆளு மாறுனா ஓனரே நிறுத்தற மாதிரி பட்டன் வேணும்.

மூணு கம்பெனின்னா ஏத்தறதுக்கு முன்னாடி எந்தக் கம்பெனின்னு பேரப் பெருசா காட்டி ஒருக்கா கேக்கோணும். ஜிஎஸ்டி நம்பர மட்டும் காட்டுனா யாரும் படிக்க மாட்டாங்க.

சேலம், ஆடிட்டர்: தேதிய அரசாங்கம் தள்ளி வெச்சா? பழைய ஃபைல எப்ப அழிக்கலாம்?

தேதிங்கள கோடுல எழுதாதீங்க சார், டேபிள்ல வெச்சு நீங்களே மாத்தற மாதிரி இருக்கோணும். 2025-ல வருமான வரி ஜூலை 31, செப்டம்பர் 15-க்குப் போயி, கடைசில 16 ஆச்சு, அதுக்காக ராத்திரி டெவலப்பர எழுப்ப முடியாது. ஆனா தள்ளி வெச்சத க்ளையண்ட்டுக்கு உடனே சொல்றதாங்கறதுல எங்க ஆபீஸ்லயே ரெண்டு கட்சி. சொன்னா அவங்க படுத்துருவாங்கன்னு பெரிய ஆடிட்டரு, மறைச்சா அடுத்த தடவ நம்ம தேதிய நம்ப மாட்டாங்கன்னு சின்னவரு. சின்னவரு சொல்றதுதான் எனக்குச் சரியாப் படுது, ஆனா பட்டன் பெரியவரு கையில இருக்கு.

அழிக்கறதுக்கு, ஜிஎஸ்டி கணக்க ஆண்டு ரிட்டன் கடைசித் தேதில இருந்து 72 மாசம் வெச்சிருக்கோணும், அப்பீல்ல இருந்தா அதுக்கும் மேல. அதனால தானா அழியற மாதிரி வெக்காதீங்க. வருசத்துக்கு ஒருக்கா லிஸ்ட் வரட்டும், கேஸ் நிக்கறதத் தனியா எடுத்து வெச்சுட்டு மீதிய நீங்க கையெழுத்துப் போட்டப்பறம் அழிக்கட்டும்.