சுண்டு விரல் மட்டும் ஏன் மரத்துப்போகவில்லை?

கேள்வி: எனக்கு வயது 46. வீட்டில் தையல் வேலை செய்கிறேன். மூன்று மாதமாக நடு ராத்திரியில் வலது கை மரத்துப்போய் விழித்துக்கொள்கிறேன். கையை உதறினால்தான் சரியாகிறது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றும் மதமதவென்று இருக்கின்றன. மோதிர விரலில் ஒரு பக்கம் மட்டும். சுண்டு விரலுக்கு ஒன்றுமில்லை, உள்ளங்கையும் நன்றாகத்தான் இருக்கிறது. ஊசியில் நூல் கோர்க்கத் தடுமாறுகிறேன், டம்ளர் நழுவுகிறது. கழுத்து எலும்பு தேய்மானம் என்கிறார்கள். ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

மருத்துவர் பதில்: ஸ்கேன் இப்போது வேண்டாம். மோதிர விரலில் ஒரு பக்கம் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி எனக்கு நிறையச் சொல்லிவிட்டது. கழுத்தில் நரம்பு நசுங்கினால் ஒரு விரலை இப்படி நடுவில் கோடு போட்டுப் பிரிப்பது அபூர்வம். அப்படிப் பிரிவது கழுத்தைத் தாண்டிக் கைக்குள் ஓடும் தனித்தனி நரம்புகளில்தான். உங்களுக்கு இருப்பது கார்ப்பல் டனல் பிரச்சினையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

உங்கள் உள்ளங்கை தொடங்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே எட்டு சின்ன எலும்புகள் சேர்ந்து, கூரை ஓடு ஒன்றை மல்லாத்தி வைத்தது போல ஒரு பள்ளத்தை உண்டாக்குகின்றன. அந்தப் பள்ளத்தின் மேல் குறுக்கே தடித்த நார்ப்பட்டை ஒன்று இழுத்துக் கட்டியிருக்கிறது. கீழே எலும்பு, மேலே பட்டை, இரண்டும் விட்டுக்கொடுக்காதவை. நடுவில் உள்ள இடுக்குதான் கார்ப்பல் டனல்.

அதற்குள் பத்துப் பொருள்கள் போகின்றன. ஒன்பது தசைநாண்கள், ஒரு நரம்பு. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் கையில் இல்லை, முன்னங்கையில் இருக்கின்றன. இடது கையால் வலது முன்னங்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள், உள்ளே தசை புரள்வது தெரியும். அந்தத் தசைகளிலிருந்து கயிறு மாதிரி இறங்குபவைதான் தசைநாண்கள். நான்கு விரல்களுக்கு இரண்டிரண்டாக எட்டு, கட்டை விரலுக்கு ஒன்று. பத்தாவது, மீடியன் நரம்பு. பட்டையை ஒட்டி, அதற்கு நேர் கீழே கிடக்கிறது. தசைநாண் முரட்டுக் கயிறு, கொஞ்சம் நெருக்கினால் அதற்கு ஒன்றும் ஆகாது. நரம்பு அப்படியில்லை.

தசைநாண்களைச் சுற்றியிருக்கும் உறை சற்றே தடித்தாலும் போதும், உள்ளே அழுத்தம் கூடிவிடும். பிளட் பிரஷர் அளக்கும் அதே மில்லிமீட்டர் கணக்கில், சாதாரணமாக அங்கே அழுத்தம் 10-க்குக் கீழே இருக்கும். இந்தப் பிரச்சினை உள்ளவர்களுக்குக் கையை நேராக வைத்திருக்கும்போதே 30 வரை ஏறியிருக்கலாம், மணிக்கட்டை மடக்கினால் இன்னும் பல மடங்கு கூடும். 120 பிரஷரைத் தாங்கும் உடம்புக்கு 30 எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் நரம்புக்குச் சாப்பாடு கொண்டுபோகும் ரத்தக் குழாய்கள் மயிரிழை போன்றவை. அவற்றில் ஓட்டம் தடைப்பட அதுவே போதும்.

ராத்திரியில் நீங்கள் செய்வது என்ன? கையைக் கன்னத்துக்கு அடியில் மடக்கிவைத்துத் தூங்குகிறீர்கள். மணிக்கட்டு மணிக்கணக்கில் மடங்கியே இருக்கிறது. விரல் அசையாததால் அங்கே தேங்கும் நீரும் வடிவதில்லை. நரம்பு ரத்தம் கேட்டுக் கத்துகிறது, அதுதான் உங்களை எழுப்புகிறது. உதறும்போது மணிக்கட்டு நேராகிறது, ரத்தம் திரும்புகிறது, குறுகுறுப்புடன் உணர்ச்சி வருகிறது. உதறினால் சரியாகிறது என்பது நல்ல சேதி. நரம்பு இன்னும் பெரிதாகக் கெட்டுப்போகவில்லை. நெருக்கடி மாதக்கணக்கில் தொடர்ந்தால் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள உறை தேயும், பிறகு இழைகளே பட்டுப்போகும். அப்போது உதறினாலும் மதமதப்பு போகாது.

சரி, சுண்டு விரலுக்கு வருவோம். சுண்டு விரலுக்கும் மோதிர விரலில் அதை ஒட்டிய பாதிக்கும் உணர்ச்சி தருவது அல்னர் என்ற இன்னொரு நரம்பு. அது இந்த இடுக்குக்குள் வருவதே இல்லை, பட்டைக்கு மேலே தனி வழியில் போய்விடுகிறது. உள்ளங்கையின் கதை இன்னும் சுவாரசியம். அதற்கான கிளை மீடியன் நரம்பிலிருந்துதான் வருகிறது, ஆனால் மணிக்கட்டுக்குச் சில சென்டிமீட்டர் மேலேயே பிரிந்து, பட்டையின் மேல்புறமாக இறங்குகிறது. எனவே விரல் நுனி மரத்தாலும் உள்ளங்கை தப்பிக்கிறது. உள்ளங்கையும் சேர்ந்து மரத்திருந்தால், நரம்பு இன்னும் மேலே எங்கோ மாட்டியிருக்கிறது என்று தேடியிருப்பேன்.

எல்லோராலும் உங்களைப் போல விரல் விரலாகச் சொல்ல முடிவதில்லை. "கையே மரத்துப்போகிறது டாக்டர்" என்பவர்கள்தான் அதிகம், வலி முழங்கை வரை, சிலருக்குத் தோள் வரைகூட ஏறும். அவர்களிடம் ராத்திரி விழிக்கும்போது ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன்.

டம்ளர் நழுவுவதற்குக் கை பலம் குறைந்ததுதான் காரணம் என்று எண்ண வேண்டாம். மடக்கும் தசைகளுக்கான நரம்புக் கிளைகள் முன்னங்கையிலேயே பிரிந்துவிட்டன, அதனால் பிடி இருக்கிறது. ஆனால் டம்ளர் வழுக்குகிறது என்று நுனி விரல்கள் உடனே சொல்வதில்லை. ஊசி விஷயமும் அதேதான். மணிக்கட்டில் இந்த நரம்பின் இழைகளில் மிகப் பெரும்பான்மை உணர்ச்சிக்கானவை, தசைக்குப் போவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் போய்ச் சேருவது முக்கியமாகக் கட்டை விரலடியில் உள்ள மேட்டுக்கு. கையை மல்லாத்தி மேசையில் வைத்து, கட்டை விரலைக் கூரை பார்த்துத் தூக்குங்கள். இன்னொருவரை அதை அழுத்தச் சொல்லுங்கள். இடது கையைவிட வலது சுலபமாகச் சாய்கிறதா, மேடு சப்பையாகத் தெரிகிறதா? தெரிந்தால் தாமதிக்க வேண்டாம், கை அறுவை அல்லது எலும்பு மருத்துவரை உடனே பாருங்கள். கரைந்த தசை முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது.

மேடு நன்றாக இருந்தால், முதலில் தைராய்டு, சர்க்கரை இரண்டுக்கும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள், இரண்டுமே இதைத் தூண்டும். நரம்பில் மின்னோட்டம் செலுத்தி வேகம் அளக்கும் பரிசோதனை மணிக்கட்டில் வேகம் குறைகிறதா என்று காட்டும், ஆரம்பக் கட்டத்தில் அது சரியாக இருப்பதும் உண்டு. தையல் மிஷின் மேல் மட்டும் பழியைப் போட மாட்டேன், மணிக்கட்டை மடக்கியபடி நெடுநேரம் அழுத்திப் பிடிப்பது சுமையைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். வைட்டமின் மாத்திரை இடுக்கை அகலப்படுத்தாது.

தூங்கும்போது மணிக்கட்டுப் பட்டை அணியுங்கள், ஆறு வாரம் விடாமல். இங்கே ஒரு சிக்கல் உண்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் பல பட்டைகள் கையைப் பின்பக்கம் வளைத்தே வைத்திருக்கும், அப்படி வளைந்தாலும் அழுத்தம் கூடும். உள்ளே இருக்கும் உலோகத் தகட்டை உருவி, நேராக்கி, மறுபடி செருகுங்கள். விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். ஆறு வாரத்தில் ராத்திரி விழிப்பு குறையாவிட்டால் ஸ்டீராய்டு ஊசி, அதன் பிறகும் திரும்பினால் உள்ளே இருக்கும் அந்த நார்ப்பட்டையை வெட்டிவிடும் சிறு அறுவை. மரத்துப்போகும் ஊசி போட்டே செய்யலாம். உள்ளங்கையின் அடியில் சில மாதம் வலி இருக்கும், கனமான துணியைத் தைக்கும் வேலையை அதுவரை தள்ளிவைக்க வேண்டியிருக்கும்.