அண்ணனுக்கு நான்கு மருந்து, எனக்கு வாரம் ஒருமுறை: ஏன்?

"டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். அண்ணனுக்குக் காசநோய் என்று ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தோல் சோதனையில் தடிப்பு வந்தது. ஆனால் இருமல் இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். எனக்கு வாரம் ஒருமுறை, 12 வாரம் மட்டும்தான். கிருமி ஒன்றுதானே? அவருடைய தட்டையும் தம்ளரையும் தனியாக வைக்க வேண்டுமா?"

தட்டையும் தம்ளரையும் பிரிக்க வேண்டியதில்லை. நுரையீரலில் நோய் முற்றியவர் இருமும்போதும் பேசும்போதும் வெளிப்படும் நுண்ணிய துளிகள் மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கின்றன. அவற்றைச் சுவாசிப்பதால்தான் நோய் தொற்றுகிறது. ஆகவே அவர் தூங்கும் அறையின் ஜன்னலைத் திறந்து வையுங்கள். சிகிச்சையின் முதல் இரண்டு வாரங்களாவது அவர் தனியறையில் உறங்கட்டும். மருந்துக்குக் கிருமி கட்டுப்பட்டால், பரவும் தன்மை விரைவாகக் குறைந்துவிடும்.

உங்கள் இருவருக்கும் உள்ள வேறுபாடு கிருமிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. உங்கள் உடலில் நுழைந்த கொஞ்சம் கிருமிகளை நோயெதிர்ப்பு அணுக்கள் சூழ்ந்து அடக்கி வைத்திருக்கின்றன. இதுவே மறைநிலைத் தொற்று, இது பிறருக்குப் பரவாது. ஆனால் நுரையீரலில் குழி விழுந்த ஒருவரிடம் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றுள் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று, மருந்தைக் காண்பதற்கு முன்பே ஐசோநியாசிட் என்ற காசநோய் மருந்துக்கு அடங்காததாக இருக்கும். அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை மடிய, அடங்காதவை பெருகிவிடும். இரண்டு மருந்துகளுக்கும் ஒருசேர அடங்காத கிருமி மிக அரிது என்பதால்தான் கூட்டு மருந்து தருகிறார்கள்.

உங்கள் அண்ணன் 58 கிலோ எடையுள்ளவர் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு மாதங்கள் ரிஃபாம்பிசின், ஐசோநியாசிட், பைராசினமைடு, எத்தாம்புட்டால் ஆகிய நான்கும் சேர்ந்த மாத்திரையை நாள்தோறும் நான்கு விழுங்குவார். வேகமாகப் பெருகும் கிருமிகள் அப்போதே பெரும்பாலும் மடிவதால் இருமல் அடங்கும், பசி திரும்பும். பலர் மாத்திரையை நிறுத்துவதும் இங்கேதான். மெதுவாகப் பெருகி மருந்துக்குத் தப்பி நிற்பவற்றை ஒழிக்கவே, அடுத்த நான்கு மாதங்கள் முதல் இரண்டு மருந்துகள் மட்டும் தொடர்கின்றன. இரண்டாம் மாத முடிவில் சளியை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். முதலில் நோயைக் கண்டறிந்த ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை செத்த கிருமியின் மரபணுவையும் காட்டிவிடும் என்பதால், அது இந்தக் கட்டத்துக்கு உதவாது.

உங்களுக்குத் தருவது ஐசோநியாசிடும் ரிஃபாபென்டைனும். தொடங்கிய பிறகு இருமல், இரவு வியர்வை, எடைக் குறைவு ஏதேனும் தோன்றினால் அடுத்த வேளைக்குமுன் சளியைச் சோதித்துக்கொள்ளுங்கள். விழித்துக்கொண்ட நோய்க்கு இந்தச் சிகிச்சை போதாது, கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறவும் வழியுண்டு. கருத்தடை மாத்திரை எடுப்பவராக இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள், ரிஃபாபென்டைன் அதன் பலனைக் குறைக்கும். இருவருக்கும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது இயல்பே. கண் மஞ்சளித்தாலோ வாந்தி விடாமல் வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே கிளினிக்குக்குச் செல்லுங்கள். அண்ணனுக்குப் பார்வை மங்கினாலும் அவ்வாறே.